சத்தமில்லாமல் குரூப்பை விட்டு வெளியேறி, அது போனில் கொட்டிவைத்ததைக் காலி பண்ணுவது எப்படி?

ஏலக்காடு | 9 ஜூன் 2025, இரவு 9:12

கம்பம்மெட்டுப் பக்கம் ஏலத்தோட்டக்காரங்க வாட்ஸ்அப் குரூப் ஒண்ணுல இருக்கேன். நானூறு பேருக்கு மேல. ஆரம்பத்துல புத்தடி ஏல விலை மட்டும் வரும். இப்ப விலைப் பட்டியல் ஒண்ணு வந்தா, காலை வணக்கம் நாப்பது, மழை வீடியோ பத்து, மலையாளத்துல மூணு நிமிசம் வாய்ஸ் எட்டு. அரிக்கொம்பன் யானை கம்பத்துக்குள்ள இறங்குன வீடியோ 2023 மே மாசத்துது, அதை இன்னைக்கும் "இப்ப வந்தது, உஷார்"னு போடுறாங்க.

வெளிய வரணும். ஆனா காய் எடுக்குற வியாபாரியும் அதுல இருக்காரு, மூஞ்சில அடிச்ச மாதிரி இருக்கக் கூடாது. யாருக்கும் தெரியாம வர முடியுமா? அப்புறம், 64 ஜிபி போன், 900 எம்பிதான் பாக்கி. குரூப்பை விட்டு வந்தா இடம் தானா காலியாகுமா?

---

உத்தமபாளையம் வாத்தி | 9 ஜூன், 9:40

தாராளமா வெளிய வாங்க. முன்னாடிதான் "இவர் வெளியேறினார்"னு குரூப் முழுக்க வரும். 2022 ஆகஸ்ட்ல அதை எடுத்துட்டாங்க. இப்ப யாருக்கும் தெரியாது. வெளிய வந்தா படமும் போயிரும்.

---

குமுளி சர்வீஸ் | 9 ஜூன், 10:25

வாத்தி சார் சொன்னதுல முன்பாதி பாதி சரி, பின்பாதி சரியில்ல.

2022க்கு அப்புறம் பொது அறிவிப்பு கிடையாது, சரி. ஆனா அட்மின்களுக்கு அந்தச் சாம்பல் வரி இப்பவும் வரும், சாதாரண உறுப்பினர் கண்ணுக்குத்தான் வராது. இன்னொண்ணு, குரூப் விவரப் பக்கத்துல உறுப்பினர் பட்டியலோட கடைசிக்குப் போனா, முன்னாடி இருந்தவங்களைப் பாக்க ஒரு வரி இருக்கும். கடந்த 60 நாளுக்குள்ள போனவங்க பேர் எல்லாம் அதுல நிக்கும். அட்மின்தான்னு இல்ல, குரூப்ல இருக்குற யார் வேணா பாக்கலாம். தேடிப் போய்ப் பாக்கறவன் குறைவு, அவ்வளவுதான்.

அதனால முதல் வேலை, அந்தக் குரூப்ல யார் யார் அட்மின்னு பாருங்க. பேருக்குப் பக்கத்துல போட்டிருக்கும். வியாபாரி அட்மினா இல்லையாங்கறதுதான் உங்க கேள்விக்கு உண்மையான பதில். குடும்பக் குரூப், பழைய மாணவர் குரூப் எல்லாத்துலயும் பாருங்க, மரியாதைக்குன்னு எல்லாரையும் அட்மின் ஆக்கி வச்சிருப்பாங்க. அங்க சத்தமில்லாம வெளிய வர்றதுங்கற பேச்சே கிடையாது.

இடம் தானா காலியாகாது. வெளிய வந்தாலும் அந்த அரட்டை உங்க லிஸ்ட்ல அப்படியே கிடக்கும், படமும் வீடியோவும் போன்ல கிடக்கும். இது பெரிய கதை, நாளைக்கு எழுதறேன். அதுவரைக்கும் எதையும் டிலீட் பண்ணாதீங்க.

---

நெடுங்கண்டம் அண்ணாச்சி | 9 ஜூன், 10:31

போனைத் தொலைச்சிட்டேன்னு சொல்லிட்டு வேற நம்பர்ல வந்தா ரெண்டு வேலையும் ஒண்ணா முடியும் 😄

---

குமுளி சர்வீஸ் | 9 ஜூன், 10:34

நம்பர் மாத்துனா அந்த நம்பர் மாத்துன சேதியே குரூப்புக்குப் போயிரும் அண்ணாச்சி. இன்னும் சத்தம்.

---

மறையூர்க்காரன் | 10 ஜூன், காலை 6:50

எனக்கும் இதே பிரச்சனை. நான்தான் அட்மின். குரூப்பையே இல்லாம ஆக்கணும், யாருக்கும் தெரியாம. வழி சொல்லுங்க.

---

போடிக்காரி | 10 ஜூன், 8:15

அது வேற கேள்விண்ணே. இவரு தான் மட்டும் வெளிய வரணும்கிறாரு, நீங்க கடையையே மூடணும்கிறீங்க. ஆள் ஆளா நீக்கித்தான் காலி பண்ண முடியும், நீக்கினவங்களுக்கு அது தெரியும். நீங்க மட்டும் வெளிய வந்தீங்கன்னா, வேற அட்மின் இல்லாத பட்சத்துல வாட்ஸ்அப்பே உறுப்பினர்ல ஒருத்தரைப் பிடிச்சு அட்மின் ஆக்கிரும். யாருக்கு விழும்னு உங்க கையில இல்ல. அதனால நம்பகமான ஒரு ஆளை அட்மின் ஆக்கி வச்சிட்டு அப்புறம் வெளிய வாங்க.

---

ஏலக்காடு | 10 ஜூன், மதியம் 1:05

பாத்துட்டேன். அட்மின் அஞ்சு பேர். வியாபாரி அட்மின் இல்ல. ஆனா அவரு தம்பி அட்மின்.

---

நெடுங்கண்டம் அண்ணாச்சி | 10 ஜூன், 1:20

அப்ப வியாபாரியே அட்மின்னு வச்சுக்க.

---

குமுளி சர்வீஸ் | 10 ஜூன், இரவு 9:50

தம்பி பாப்பாருன்னே வச்சுக்குவோம். எப்ப வெளிய வர்றீங்கங்கறதுல விசயம் இருக்கு. எல்லாரும் ராத்திரி ரெண்டு மணிக்கு வெளிய வருவாங்க, யாரும் முழிச்சிருக்க மாட்டாங்கன்னு. அது தப்பான நேரம். அந்தச் சாம்பல் வரி அட்மினோட திரையில கடைசி வரியா நின்னுக்கிட்டே இருக்கும், காலையில குரூப்பைத் தொறந்ததும் கண்ணுல படும் முதல் சேதி அதுதான். ஏல விலை வந்து எல்லாரும் கத்துற நேரத்துல வெளிய வாங்க. பத்து நிமிசத்துல அம்பது சேதி மேல ஏறி, அந்த வரி எங்கயோ போயிரும். குரூப் இரைச்சலா இருக்கறது இந்த ஒரு விசயத்துல உங்களுக்கு லாபம்.

வெளிய வர்றதுக்கு முன்னாடி ரெண்டு மூணு வாரம் ஊமையாக்கிப் பழகுங்க. Mute போனா 8 மணி நேரம், 1 வாரம், எப்பவும்னு மூணு இருக்கும். "எப்பவும்" போட்டுட்டு ஆர்கைவ் பண்ணிருங்க. Settings, Chats உள்ள ஆர்கைவ் பண்ணினதை ஆர்கைவ்லயே வைக்கிற ஒரு சுவிட்ச் இருக்கும், அது ஆன்ல இருக்கணும். ஆஃப்ல இருந்தா புதுச் சேதி வந்ததும் குரூப் மேல ஏறி வந்து உக்காந்துரும். ஆனா யாராவது உங்க பேரைக் குறிச்சாலோ, உங்க சேதிக்குப் பதில் போட்டாலோ அப்பவும் மணி அடிக்கும். அது நல்லதுதான், வியாபாரி கூப்பிட்டா தெரியும்.

சொல்லப்போனா உங்க நிலைமையில இத்தோட நிறுத்திக்கலாம். இடம் காலி பண்ண வெளிய வரணும்னு கட்டாயமே இல்ல.

---

ஏலக்காடு | 10 ஜூன், 10:15

இல்லண்ணே, வெளிய வர்றதுன்னு முடிவு. ஆர்கைவ்ல இருந்தாலும் தினம் ஒருக்கா எட்டிப் பாப்பேன், என் குணம் எனக்குத் தெரியும்.

---

உத்தமபாளையம் வாத்தி | 11 ஜூன், காலை 7:30

இடத்துக்கு என் வழி: போன்ல இருக்குற ஃபைல் ஆப்பைத் தொறந்து, வாட்ஸ்அப் படக் கோப்புறையையே தூக்கிப் போட்டுருவேன். ரெண்டு நிமிச வேலை.

---

குமுளி சர்வீஸ் | 11 ஜூன், 9:05

சார், எல்லாம் போனாப் போகட்டும்னு நினைக்கிற போன்ல அது சரி. இவருக்கு வேண்டாம். ஏன்னு சொல்றேன், இந்த இழையிலேயே முக்கியமான விசயம் இதுதான்.

ஆண்ட்ராய்டுல வாட்ஸ்அப் வர்றதையெல்லாம் இங்க வைக்குது:

```
Android/media/com.whatsapp/WhatsApp/Media/
    WhatsApp Images/
    WhatsApp Video/
    WhatsApp Documents/
    WhatsApp Voice Notes/
```

பிசினஸ் வாட்ஸ்அப்னா `com.whatsapp.w4b`. கவனிங்க, எந்தக் குரூப்புக்கும் தனிக் கோப்புறை கிடையாது. ஏலக் குரூப்ல வந்த காலை வணக்கமும், உங்க பொண்ணு அனுப்புன பேரன் படமும் ஒரே `WhatsApp Images` உள்ள கிடக்கு. பேரும் `IMG-20250608-WA0031.jpg` மாதிரிதான். தேதியும் அன்னைக்கு எத்தனாவதா வந்ததுங்கற எண்ணும் இருக்கும், யார் அனுப்புனாங்கன்னு இருக்காது. எந்தப் படம் எந்த அரட்டையோடதுங்கற கணக்கு வாட்ஸ்அப்போட உள் தரவுத்தளத்துல மட்டும்தான் இருக்கு.

அதனால அந்த அரட்டை போன்ல உயிரோட இருக்கற வரைக்கும் வாட்ஸ்அப்பே உங்களுக்குப் பிரிச்சுக் கொடுக்கும். அரட்டையை மட்டும் அழிச்சிட்டு படத்தை விட்டீங்கன்னா, அந்தப் படமெல்லாம் அனாதையாயிரும். அப்புறம் கேலரியில ஒண்ணு ஒண்ணா முகம் பாத்துத்தான் பொறுக்கணும். கோப்புறையைத் தூக்கிப் போட்டா பேரன் படமும் போயிரும், அந்த அரட்டையில மங்கலா ஒரு கட்டம் நிக்கும். அதைத் தொட்டா பெரும்பாலும் மறுபடி இறங்காது, அனுப்புனவங்ககிட்டத் திரும்பக் கேக்கச் சொல்லும்.

ஆக வரிசை இதுதான். வேணுங்கறதை முதல்ல எடுத்து வைங்க. குரூப்போட மீடியாவை வாட்ஸ்அப்புக்குள்ள இருந்து காலி பண்ணுங்க. அப்புறம் வெளிய வாங்க. கடைசியாத்தான் அரட்டையை அழிக்கணும்.

---

ஏலக்காடு | 11 ஜூன், மாலை 6:20

Settings, Storage and data, Manage storage போய்ப் பாத்தேன். வாட்ஸ்அப் மொத்தம் 17 ஜிபி. அந்தக் குரூப் மட்டும் 8.3 ஜிபி, லிஸ்ட்ல முதல் ஆளு. அடுத்தது ஜீப் டிரைவர் குரூப், 2.6.

நேத்து ராத்திரியே கேலரியில உக்காந்து குரூப் படமா ஒரு 1.9 ஜிபி அழிச்சேன். ஆனா பாக்கி இடம் இன்னும் அதே 900 எம்பிதான் காட்டுது. போன்ல கோளாறா?

---

போடிக்காரி | 11 ஜூன், 6:45

கோளாறு இல்ல. கேலரியில அழிச்சா குப்பைத்தொட்டிக்குப் போகும், 30 நாள் அங்க இருந்துட்டுத்தான் போகும். கேலரியில மூணு புள்ளியைத் தொட்டு, குப்பைத்தொட்டியைத் தொறந்து காலி பண்ணுங்க. காலி பண்றதுக்கு முன்னாடி ஒரு தடவை கண்ணை ஓட்டுங்க, சொந்தக்காரங்க படம் எதுவும் சேந்து போயிருந்தா எடுத்துரலாம்.

---

குமுளி சர்வீஸ் | 11 ஜூன், 8:10

அக்கா சொன்னது சரி. சில போன்ல அந்தப் படம் நகரக்கூட நகராது, அதே கோப்புறையில பேருக்கு முன்னாடி `.trashed-`னு ஒரு எண்ணோட ஒட்டிக்கிட்டு ஒளிஞ்சு கிடக்கும். அதான் இடம் குறையாத மாதிரி தெரியுது.

Manage storage வழியா அழிச்சா இந்தத் தொல்லை இல்ல, தொட்டிக்குப் போகாம நேரா போயிரும். ஆனா அதே காரணத்தால திரும்பவும் வராது. அதனாலதான் வேணுங்கறதை முதல்ல எடுக்கச் சொன்னேன்.

---

ஏலக்காடு | 11 ஜூன், 8:55

தொட்டி காலி. 2.8 ஜிபி ஆச்சு. வேணுங்கறதுன்னா, போன வருச விலைப் பட்டியல் படம் கொஞ்சம், நோய் வந்த செடிக்கு ஒருத்தர் மருந்து சொன்ன சேதி கொஞ்சம். இதை எப்படி எடுக்க?

---

குமுளி சர்வீஸ் | 11 ஜூன், 10:00

படத்துக்கு: ஃபைல் ஆப்ல `WhatsApp Images`க்கு வெளிய, உதாரணத்துக்கு Pictures உள்ள ஒரு புதுக் கோப்புறை போடுங்க. வேணுங்கற படத்தை அங்க நகர்த்துங்க. நகல் எடுத்தா ரெட்டை இடம், உங்ககிட்ட அதுக்கு இடமில்ல. நகர்த்தின படம் அரட்டையில காணாம போன மாதிரி காட்டும், பரவாயில்ல. வாட்ஸ்அப்போட கை அந்தக் கோப்புறைக்கு எட்டாது.

சேதிக்கு: அந்த அரட்டைக்குள்ள மூணு புள்ளி, அரட்டையை எக்ஸ்போர்ட் பண்ற வசதி. மீடியா இல்லாம எடுங்க. 40,000 சேதி வரைக்கும் ஒரே எழுத்துக் கோப்பா வரும், மீடியாவோடன்னா 10,000தான். உங்க குரூப் இருக்கிற வேகத்துக்கு 40,000 எத்தனை மாசம் பின்னாடி போகும்னு தெரியல, கோப்போட முதல் தேதியைத் தொறந்து பாருங்க. அதுக்கும் முன்னாடி உள்ள மருந்துச் சேதியைத் தேடிப் பிடிச்சு உங்களுக்கு நீங்களே அனுப்பிக்கணும்.

யாராவது அந்தக் குரூப்ல கூடுதல் அந்தரங்கப் பாதுகாப்பைப் போட்டு வச்சிருந்தா எக்ஸ்போர்ட் வேலை செய்யாது. இது 2025லதான் வந்தது. அப்ப ஸ்கிரீன்ஷாட்தான் வழி.

---

உத்தமபாளையம் வாத்தி | 12 ஜூன், காலை 7:15

முக்கியமான சேதிக்கு நட்சத்திரம் போட்டா போதுமே, அழிச்சாலும் அது நிக்கும்.

---

குமுளி சர்வீஸ் | 12 ஜூன், 7:40

அரட்டையைத் துடைக்கிறப்ப, நட்சத்திரம் போட்டதையும் சேத்து அழிக்கவான்னு ஒரு டிக் கேக்கும், அதை எடுத்துவிட்டா நிக்கும். ஆனா அது துடைக்கிறதுக்கு. குரூப்பையே லிஸ்ட்ல இருந்து அழிச்சா நட்சத்திரமும் அதோட போயிரும் சார். இவரு கடைசியில அழிக்கத்தான் போறாரு.

---

ஏலக்காடு | 12 ஜூன், இரவு 9:30

படம் எடுத்தாச்சு. எக்ஸ்போர்ட் வந்துருச்சு, போன ஆகஸ்ட் வரைக்கும் பின்னாடி போகுது, போதும்.

Manage storage உள்ள அந்தக் குரூப்பைத் தொட்டு, பெருசுல இருந்து சிறுசுன்னு வரிசைப்படுத்தி, வீடியோ எல்லாத்தையும் எடுத்து அழிச்சேன். 5.6 ஜிபினு காட்டுச்சு. ஆனா பாக்கி இடம் 8.4 வரணும்ல, 7.1 தான் வந்துருக்கு. 1.3 ஜிபி எங்க?

---

நெடுங்கண்டம் அண்ணாச்சி | 12 ஜூன், 9:41

வியாபாரி எடை போடும்போதும் இப்படித்தான் கொஞ்சம் காணாம போகும்.

---

குமுளி சர்வீஸ் | 12 ஜூன், 10:20

😄 இது கணக்கு இருக்கிற காணாமல்.

ஜீப் குரூப் 2.6 ஜிபினு சொன்னீங்களே, அங்க போய்ப் பாருங்க. அதே யானை வீடியோ, அதே மழை வீடியோ அங்கயும் இருக்கும். ஒண்ணு அங்கயும் யாராவது போட்டிருப்பாங்க, இல்ல நீங்களே இங்க இருந்து அங்க அனுப்பியிருப்பீங்க. ஒரே வீடியோ ரெண்டு அரட்டையில இருந்தா, ஒண்ணுல அழிச்சா மட்டும் இடம் வராது. எல்லாப் பிரதியும் போனாத்தான் அந்த இடம் விடும். அழிக்கிறப்ப சில நேரம் பிரதிகளையும் சேத்து அழிக்கவான்னு அதுவே கேக்கும், அப்ப ஒத்துக்கிட்டா ஒரே அடியில போகும்.

Manage storage முதல் பக்கத்துல மேல ரெண்டு பெட்டி இருக்கும். ஒண்ணு 5 எம்பிக்கு மேல உள்ளது, இன்னொண்ணு பல தடவை அனுப்பப்பட்டது. ரெண்டாவது பெட்டிதான் உங்களுக்கு. ரெட்டை அம்புக்குறி போட்ட சேதி, அதாவது கை மாறிக் கை மாறி வந்தது எல்லாம் எந்தக் குரூப்பா இருந்தாலும் அதுல ஒண்ணா சேந்து நிக்கும். அதுக்குள்ள பேரன் படம் இருக்க வாய்ப்பே கம்மி. தைரியமா அழிக்கலாம்.

---

ஏலக்காடு | 12 ஜூன், 10:55

ஜீப் குரூப்ல இருந்தது அதே வீடியோதான். அழிச்சதும் 8.4 வந்துருச்சு. ரெண்டாவது பெட்டியில இன்னொரு 700 எம்பி, அதுவும் போச்சு.

---

போடிக்காரி | 13 ஜூன், காலை 8:00

ஒண்ணு கேக்கணும். கூகுள் ஃபோட்டோஸ் போன்ல ஆன்ல இருக்கா? இருந்தா அதுல வாட்ஸ்அப் படக் கோப்புறைக்கும் பேக்கப் போட்டு வச்சிருக்கீங்களான்னு பாருங்க. எங்க வீட்டுக்காரர் போன்ல அப்படித்தான். வாட்ஸ்அப்ல அழிச்சது போன்ல இருந்து போச்சு, மேல கிளவுட்ல எல்லாக் காலை வணக்கமும் பத்திரமா இருக்கு. 15 ஜிபி இலவச இடம் அதுல போச்சு, மெயில்கூட வரமாட்டேங்குது. அங்க அழிச்சாலும் பேக்கப் ஆன படம் 60 நாள் குப்பையில இருக்கும், அதையும் காலி பண்ணனும்.

---

குமுளி சர்வீஸ் | 13 ஜூன், 9:20

நல்ல கேள்விக்கா. அதோட வாட்ஸ்அப்போட சொந்த பேக்கப்பும் இப்ப அதே 15 ஜிபிக்குள்ளதான். முன்னாடி கணக்குல வராது, 2024ல இருந்து வருது. இவரு இவ்வளவு அழிச்சும், மேல இருக்கிற பேக்கப் இன்னும் பழைய பருமன்லதான் இருக்கும். எல்லாம் முடிஞ்ச பிறகு Settings, Chats, Chat backup போய் ஒருக்கா கையால பேக்கப் எடுங்க, வைஃபைல. புதுசு பழசு மேல ஏறிரும், மேலயும் இடம் குறையும். அது வரைக்கும் போனை மாத்தி பேக்கப்பைத் திரும்ப இறக்காதீங்க. இறக்குனா அழிச்ச குரூப் அரட்டை முழுசா எழுந்து வந்து நிக்கும்.

---

ஏலக்காடு | 13 ஜூன், பகல் 12:50

ஃபோட்டோஸ்ல பேக்கப் ஆஃப்லதான் இருக்கு. விலை வந்துக்கிட்டு இருக்கு, எல்லாரும் கத்துறாங்க. வெளிய வந்துட்டேன். குரூப் விவரப் பக்கத்துல கடைசியில Exit group, அவ்வளவுதான். ஊமையாக்கிக்கிறீங்களான்னு ஒருக்கா கெஞ்சுச்சு.

அப்புறம் அரட்டையை அழிக்கிறப்ப மீடியாவையும் கேலரியில இருந்து அழிக்கவான்னு ஒரு டிக். இதை முதல்லயே போட்டிருந்தா நாலு நாள் வேலை மிச்சமோ?

---

குமுளி சர்வீஸ் | 13 ஜூன், 9:15

போட்டிருக்கலாம். பேச்சுக்கு அந்த ஒரு டிக் எல்லாத்தையும் செய்யும். ஆனா வேணுங்கற விலைப் பட்டியலும் அதுல போயிருக்கும், ஜீப் குரூப்ல இருந்த பிரதியும் நின்னிருக்கும், 1.3 ஜிபி ஏன் வரலன்னு இங்க வந்து கேட்டிருப்பீங்க. எதுவுமே வேணாங்கற குரூப்புக்கு அந்த டிக் போதும். இப்பவும் போட்டுட்டு அழிங்க, சில்லறை ஏதாவது மிச்சம் இருந்தா போகும்.

கம்யூனிட்டிக்குள்ள இருக்கிற குரூப்பா இருந்தா ஒரு கூடுதல் விசயம். அந்தக் குரூப்பை மட்டும் விட்டா கம்யூனிட்டியில நீங்க இன்னும் இருப்பீங்க, அறிவிப்புகள் வந்துக்கிட்டே இருக்கும். கம்யூனிட்டியையே விட்டா அதுல உள்ள எல்லாக் குரூப்பும் ஒண்ணா போயிரும். ஜீப் குரூப் அதே கம்யூனிட்டியில இருந்தா ஜாக்கிரதை.

---

ஏலக்காடு | 13 ஜூன், 9:50

கம்யூனிட்டி இல்ல. அழிச்சாச்சு. நான் அங்க போட்ட பழைய சேதியெல்லாம்?

---

போடிக்காரி | 13 ஜூன், 10:05

அது அங்கேயேதான் இருக்கும், நானூறு போன்லயும். எல்லாருக்கும் அழிக்கிறதுன்னா ரெண்டு நாள் சொச்சத்துக்குள்ள, அதுவும் குரூப்ல இருக்கறப்பவே அழிச்சிருக்கணும். வெளிய வந்த பிறகு ஒண்ணும் செய்ய முடியாது.

---

குமுளி சர்வீஸ் | 14 ஜூன், காலை 7:30

இன்னும் ஒரு இடம் பாக்கி. ஃபைல் ஆப்ல `WhatsApp Voice Notes` போய்ப் பாருங்க. வாய்ஸ் சேதிக்கு தானா இறங்குறதைத் தடுக்கற சுவிட்சே கிடையாது, படம் வீடியோவுக்கு ஆஃப் பண்ணி வச்சாலும் வாய்ஸ் இறங்கிக்கிட்டேதான் இருக்கும். கேலரியில காட்டாததால யாரும் நினைக்கறதில்ல. வாரத்துக்கு ஒரு கோப்புறையா `202523` மாதிரி எண் போட்டு இருக்கும், உள்ள `PTT-`ல ஆரம்பிக்கிற `.opus` கோப்புகள். இங்கயும் எல்லா அரட்டையும் கலந்துதான் கிடக்கும், அதனால மொத்தமா அழிச்சா ஊர்ல அம்மா பேசி அனுப்புனதும் போயிரும். அரட்டையோட அழிஞ்சது போக எவ்வளவு இருக்குன்னு மட்டும் பாருங்க. 200 எம்பிக்குள்ள இருந்தா விட்டுருங்க.

`WhatsApp Documents` மட்டும் நல்ல பிள்ளை. அனுப்புனவர் வச்ச பேர்லயே பெரும்பாலும் இருக்கும், auctionனு தேடுனா ஏலப் பிடிஎஃப் எல்லாம் வரிசையா வந்து நிக்கும்.

---

மறையூர்க்காரன் | 14 ஜூன், 11:40

நான் ஐபோன். இதெல்லாம் எனக்குப் பொருந்துமா? கோப்புறையே கண்ணுல படல.

---

போடிக்காரி | 14 ஜூன், 12:30

Manage storage உங்களுக்கும் உண்டு, வழியும் அதேதான். ஆனா ஒரு சிக்கல். வர்ற படத்தை ஃபோட்டோஸ்ல தானா சேமிக்கிற வசதி ஆன்ல இருந்தா, ஃபோட்டோஸ்ல தனியா இன்னொரு பிரதி உக்காந்திருக்கும். வாட்ஸ்அப்புக்குள்ள எவ்வளவு அழிச்சாலும் அதைத் தொடாது. ஃபோட்டோஸ்ல WhatsAppனு ஒரு ஆல்பம் இருக்கும், அதுக்குள்ள போய்ப் படத்தையே தேர்ந்து அழிக்கணும். ஆல்பத்தை அழிச்சா ஆல்பம் மட்டும்தான் போகும், படம் அப்படியே நிக்கும். அப்புறம் Recently Deleted, அங்கயும் 30 நாள்.

---

உத்தமபாளையம் வாத்தி | 15 ஜூன், காலை 7:05

திரும்ப இழுத்துச் சேத்துட்டா என்ன பண்றது? அந்தத் தம்பி சும்மா இருக்க மாட்டாரு.

---

குமுளி சர்வீஸ் | 15 ஜூன், 8:20

சார் இந்தத் தடவை சரியான இடத்துல பிடிச்சீங்க. Settings, Privacy, Groups உள்ள மூணு வழி: எல்லாரும், என் தொடர்புகள், குறிப்பிட்டவங்க தவிர என் தொடர்புகள். மூணாவதுல அந்தத் தம்பி பேரைப் போட்டா, அவரால நேரா சேக்க முடியாது, தனியா அழைப்புதான் அனுப்ப முடியும். ஏத்துக்கலன்னா மூணு நாள்ல அது காலாவதி. ஆனா சேக்க முடியலங்கறது அவருக்குத் தெரிஞ்சிரும், அது வெளியேறுனதைவிட பெரிய சத்தமாக்கூட இருக்கலாம்.

---

போடிக்காரி | 15 ஜூன், 8:45

என்னைக் கேட்டா அதைப் போட வேண்டாம். திரும்பச் சேத்தா, "போன்ல இடமில்ல, விலை மட்டும் தனியா அனுப்புங்க"ன்னு ஒரு வரி தம்பிக்குத் தனியா போட்டாப் போதும். வியாபாரம் நடக்கணும்ல.

---

குமுளி சர்வீஸ் | 15 ஜூன், 9:00

அதுல எனக்கு உடன்பாடு இல்ல. ஒரு தடவை காரணம் சொன்னா அப்புறம் ஒவ்வொரு குரூப்புக்கும் சொல்லணும். ஏலக்காடு அண்ணன் பாத்துக்கட்டும்.

---

ஏலக்காடு | 15 ஜூன், இரவு 8:30

வாய்ஸ் கோப்புறை 140 எம்பி, விட்டுட்டேன். பேக்கப் எடுத்தாச்சு. பாக்கி இடம் இப்ப 10 ஜிபி பக்கம். மீதி குரூப்புக்கு மொபைல் டேட்டால தானா இறங்குறதையும் Media auto-downloadல நிறுத்திட்டேன்.

நேத்து வியாபாரி போன் பண்ணாரு. காய் எப்ப காயும்னு மட்டும்தான் கேட்டாரு. தெரிஞ்சு கேக்கலையா, தெரியாமலே கேக்கலையான்னு புரியல.

---

நெடுங்கண்டம் அண்ணாச்சி | 15 ஜூன், 8:44

விலை சொல்லும்போது தெரியும்.